பிராசஸரைத் தின்னும் டேப் எது, எக்ஸ்டென்ஷன் எது? பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜரை வைத்துக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

லேப்டாப் ஃபேன் இரைச்சல் போடுகிறது, டைப் செய்த எழுத்து அரை நொடி கழித்துத் திரையில் வருகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் `Google Chrome` என்ற பெயரில் இருபது முப்பது வரிகள் நிற்கின்றன. அதில் எந்த வரி எந்த டேப் என்று அங்கே தெளிவாகத் தெரியாது. அதைச் சொல்வதற்காகவே குரோமுக்குள் தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது.

அதைத் திறப்பது சுலபம். ஆனால் திறந்த பிறகு அதில் தெரிவதைத் தப்பாகப் படித்து, குற்றமே செய்யாத டேப்பை மூடிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் திறக்கும் வழியைச் சுருக்கமாகவும், படிக்கும் வழியை விரிவாகவும் எழுதுகிறேன். விண்டோஸில் ஓடும் குரோமை வைத்துத்தான் சொல்கிறேன். மற்ற பிரவுசர்களில் என்ன மாறும் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். பட்டன், மெனு பெயர்களை ஆங்கிலத் திரையில் இருப்பதுபோலவே கொடுத்திருக்கிறேன்.

## 1. திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில், டேப்களில் பாதி எழுதி நிற்கும் மெயில், நிரப்பிக்கொண்டிருக்கும் படிவம் ஏதாவது இருந்தால் சேமித்துவிடுங்கள். பின்னால் ஒரு பிராசஸை, அதாவது டேப்பையோ எக்ஸ்டென்ஷனையோ ஓட்டும் தனி நிரலோட்டத்தை, நிறுத்த வேண்டி வரும். அப்போது அந்தப் பக்கம் எச்சரிக்கை எதுவும் கேட்காமல் அப்படியே போய்விடும்.

இரண்டாவது, தொல்லை இருக்கும்போதே பாருங்கள். பிரவுசரை மூடித் திறந்துவிட்டு அப்புறம் தேடினால் எதுவும் கிடைக்காது. மூடித் திறந்ததில் நோய் தற்காலிகமாக அடங்கியிருக்கும், அவ்வளவுதான். ஃபேன் இரையும்போது எந்த டேப்பையும் மூடாமல், எந்த எக்ஸ்டென்ஷனையும் அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாவது, உங்கள் கணினியில் எத்தனை லாஜிக்கல் பிராசஸர் என்று ஒரு தடவை பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். `Ctrl + Shift + Esc` அழுத்தி, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் `Performance` பகுதியில் `CPU` என்பதைத் தொட்டால் `Logical processors` என்று ஓர் எண் இருக்கும். 4, 8, 12 என்று எதுவாகவும் இருக்கலாம். மூன்றாம் படியில் இந்த எண் தேவைப்படும்.

## 2. திறந்து, ஓரமாக வைப்பது

குரோம் சன்னலில் இருந்தபடி `Shift + Esc` அழுத்துங்கள். சில லேப்டாப் கீபோர்டில் இந்த இணைப்பு வேறு ஏதாவது வேலைக்குப் போய்விடும். அப்படியானால் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு `More tools`, அதற்குள் `Task manager` என்று போகலாம். மேக்கில் `Window` மெனுவுக்குள் இருக்கும். எட்ஜில் `Browser task manager` என்ற பெயரில், அதே `Shift + Esc`-க்கு வரும். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் இதை அடியுங்கள்:

```
about:processes
```

குரோமின் புதிய பதிப்புகளில் சன்னலின் மேலே பிரிவுகள் இருக்கும். அதில் `All` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற பிரிவுகளில் சில வரிகள் மறைந்துவிடும். தேடும் ஆள் மறைந்த பிரிவில் இருந்தால் பட்டியல் முழுக்கத் துழாவினாலும் அகப்படாது.

அடுத்து, இந்தச் சின்னச் சன்னலைப் பிரவுசருக்குப் பக்கத்தில் வையுங்கள், மேலே வைக்காதீர்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத டேப்பைக் குரோம் மட்டுப்படுத்தும். அதன் அசைவுச் சித்திரங்கள் நின்றுவிடும், உள்ளே ஓடும் டைமர்களின் வேகம் குறையும். பிரவுசர் சன்னல் முழுவதையும் வேறு சன்னல் மூடிக்கொண்டிருந்தாலும், அந்த டேப் மறைந்துவிட்டதாகவே குரோம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். டேப்பை மூடி மறைத்துவிட்டு அதன் எண்ணைப் பார்த்தால், நீங்கள் அளப்பது தூங்கும்போது இருக்கும் நாடித்துடிப்பைத்தான். திரையின் இடது பாதியில் பிரவுசர், வலது பாதியில் டாஸ்க் மேனேஜர் என்று பிரித்து வைத்தால் போதும்.

## 3. CPU பத்தியின் எண்ணைப் புரிந்துகொள்வது

பட்டியலில் `Memory footprint`, `CPU`, `Network`, `Process ID` என்று பத்திகள் இருக்கும். புதிதாகப் பார்ப்பவரின் கண் முதலில் போவது `Memory footprint`-க்குத்தான், அங்கேதான் பெரிய பெரிய எண்கள் இருக்கும். ஃபேன் இரைச்சலுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஒரு டேப் நிறைய நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு பிராசஸரைத் தொடாமலே கிடக்கலாம். இன்னொரு டேப் கொஞ்சம் நினைவகத்தில் இருந்துகொண்டே பிராசஸரைக் கொதிக்க வைக்கலாம். இப்போதைக்கு அந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

`CPU` என்ற தலைப்பைத் தட்டுங்கள். பெரிய எண் மேலே வரும்வரை, தேவைப்பட்டால் இன்னொரு தடவை தட்டுங்கள்.

இங்கே 100 என்று இருந்தால் ஒரு கோர், அதாவது நீங்கள் எழுதி வைத்த லாஜிக்கல் பிராசஸர்களில் ஒன்று, முழுவதும் போய்விட்டது என்று அர்த்தம். கணினியின் மொத்த பிராசஸர் சக்தியும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் சில சமயம் 130, 180 என்றுகூடக் காட்டும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் கணக்குப் போடும் விதம் வேறு. அது எல்லாக் கோர்களையும் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்கிறது. 4 லாஜிக்கல் பிராசஸர் உள்ள கணினியில் குரோம் 100 என்று காட்டும் ஒரு டேப், விண்டோஸில் சுமார் 25 என்றுதான் தெரியும். 8 இருந்தால் சுமார் 12.

இது தெரியாமல் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். குரோமில் 100-ஐப் பார்த்து கணினியே தொங்கப்போகிறது என்று பயப்படுவது ஒன்று. விண்டோஸில் 12-ஐப் பார்த்து ‘இது ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் மோசம். ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் ஓடும். அது ஒரு கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டால், மற்ற ஏழு கோரும் சும்மா இருந்தாலும் அந்தப் பக்கம் நகராது.

## 4. வரிகள் யார் யார் என்று அடையாளம் காண்பது

ஒவ்வொரு வரியின் முன்னாலும் அது என்ன வகை என்று எழுதியிருக்கும்.

`Tab:` என்று தொடங்குவது நீங்கள் திறந்து வைத்த பக்கம். அந்த வரியை இரண்டு முறை தட்டினால் குரோம் அந்த டேப்புக்கே கொண்டுபோய்விடும். ஐந்து சன்னல், நாற்பது டேப் என்று வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

`Subframe:` என்பது ஒரு பக்கத்துக்குள் பதித்திருக்கும் வேறொரு தளத்தின் துண்டு. விளம்பரம், வீடியோ, கருத்துப் பெட்டி இவையெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். 2018-இல் வந்த குரோம் 67 முதல், கணினிகளில் வேறு தளத்தின் துண்டுகள் வேறு பிராசஸில் ஓடுகின்றன. அதனால் செய்திப் பக்கம் 3 என்றும், அதில் இருக்கும் விளம்பரத் துண்டு 70 என்றும் தனித்தனியாகத் தெரியும். செய்தித் தளத்தைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

`Extension:` என்பது எக்ஸ்டென்ஷன். சில வேளை அது `Service Worker:` என்று தொடங்கி, பின்னால் `chrome-extension://` என்ற முகவரியோடும், புரியாத 32 எழுத்துகளோடும் வரும். அது எது என்று தெரிய `chrome://extensions` பக்கத்தில் `Developer mode`-ஐ இயக்குங்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனின் கீழும் `ID` தெரியும். அந்த 32 எழுத்தோடு ஒப்பிட்டால் பெயர் கிடைத்துவிடும்.

`Browser` என்பது குரோமின் தாய்ப் பிராசஸ். டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கும்போது இதன் எண் கொஞ்சம் ஏறும், பட்டியலை நொடிக்கொரு தரம் புதுப்பிக்கும் வேலையும் அதனுடையதுதானே. `GPU Process` படம் வரைவதற்கானது. `Utility:` என்று தொடங்குபவை நெட்வொர்க், ஒலி போன்ற பொது வேலைகளுக்கானவை.

ஒரே தளத்தின் பல டேப்கள் சில சமயம் ஒரே பிராசஸைப் பகிர்ந்துகொள்ளும். அப்போது அவை பட்டியலில் அடுத்தடுத்து ஒட்டி நிற்கும். ஒன்றைத் தொட்டால் கூட்டம் முழுவதும் தேர்வாகும். அந்த எண் கூட்டம் முழுமைக்குமானது, அதில் எந்த டேப் குற்றவாளி என்று அந்த எண் சொல்லாது. ஒவ்வொரு டேப்பாக மூடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## 5. உடனே கை வைக்காமல் பார்ப்பது

`CPU` பத்தி காட்டுவது அந்த ஒரு நொடியின் நிலவரம். எந்தப் பக்கமாக இருந்தாலும் திறக்கும்போது சில நொடிகள் 80, 100 என்று போய்விட்டுத்தான் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு ‘பிடித்துவிட்டேன்’ என்று நிறுத்துவதில் பயன் இல்லை. குறைந்தது ஒரு நிமிடம் வேடிக்கை பாருங்கள். ஏறி இறங்கினால் அது வேலை. ஏறி, நீங்கள் ஒன்றுமே செய்யாதபோதும் இறங்காமல் நின்றால் அதுதான் தொல்லை.

ஒரு வரி மேலும் கீழும் தாவிக்கொண்டிருந்தால் அதைக் கண்ணால் பின்தொடர்வது கஷ்டம். அதை ஒரு தடவை தொட்டுத் தேர்வு செய்துவிட்டால் போதும், அது எங்கே தாவினாலும் தேர்வு நிறம் கூடவே போகும்.

விட்டு விட்டு வரும் தொல்லைக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பட்டியலில் வலது பட்டனை அழுத்தி, வரும் பத்திப் பெயர்களில் `CPU Time` என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிராசஸ் தொடங்கியதிலிருந்து இதுவரை மொத்தம் எவ்வளவு பிராசஸர் நேரத்தைச் செலவழித்தது என்று அது காட்டும். இப்போதைய எண்ணைக் குறித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து மறுபடி குறியுங்கள். இடையில் 2 நிமிடம் கூடியிருந்தால், அது சராசரியாக ஒரு கோரின் 40 சதவீதத்தை எடுத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும்போது நல்லபிள்ளையாக 0 காட்டிக்கொண்டிருந்த வரிகூட இதில் மாட்டிக்கொள்ளும்.

எக்ஸ்டென்ஷன்களுக்கு இந்தப் பொறுமை இன்னும் தேவை. இப்போதைய எக்ஸ்டென்ஷன்களின் பின்னணி வேலை, சும்மா இருந்தால் சுமார் 30 நொடியில் தானாகத் தூங்கிவிடும். தூங்கினால் அந்த வரியே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பெயர் பட்டியலில் இல்லை என்பதால் அது நிறுவப்படவில்லை என்றோ, அது வேலையே செய்யவில்லை என்றோ முடிவு கட்டாதீர்கள்.

## 6. `End process` எப்போது, எதற்கு

வரியைத் தேர்ந்தெடுத்து `End process` அழுத்தினால் அந்தப் பிராசஸ் உடனே செத்துவிடும். டேப் பட்டையில் அந்த டேப் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் பக்கம் செயலிழந்ததாகக் காட்டும். மறுபடி ஏற்றினால் வந்துவிடும். எக்ஸ்டென்ஷனை நிறுத்தினால் சில வேளை அது செயலிழந்தது என்ற அறிவிப்பு எட்டிப் பார்க்கும். அதைத் தட்டினால் எக்ஸ்டென்ஷன் மீண்டும் தொடங்கும். கூட்டமாக ஒட்டி நிற்கும் வரிகளில் ஒன்றை நிறுத்தினால் கூட்டம் முழுவதும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். `Browser` வரியை மட்டும் இங்கிருந்து நிறுத்த முடியாது, பட்டன் மங்கியிருக்கும்.

இந்தப் பட்டனை நான் மருந்தாகப் பயன்படுத்துவதில்லை, சோதனையாகத்தான் பயன்படுத்துகிறேன். நிறுத்தியதும் ஃபேன் அடங்குகிறதா? அடங்கினால் இடம் சரி. பக்கத்தை மறுபடி ஏற்றிய ஒரு நிமிடத்தில் எண் திரும்ப ஏறுகிறதா? ஏறினால் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதோடு நிறுத்திக்கொண்டு ‘அந்தத் தளம் சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுவதுதான் நான் பார்த்தவற்றிலேயே அதிகம் பேர் செய்யும் தப்பு. அடுத்த படியைத் தாண்டாமல் எந்த டேப் மீதும் பழி போடாதீர்கள்.

## 7. டேப்பின் பெயரில் ஒளிந்திருக்கும் எக்ஸ்டென்ஷன்

ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு பாகம் இருக்கலாம். ஒன்று பின்னணியில் ஓடுவது, அதைத்தான் `Extension:` வரி காட்டுகிறது. இன்னொன்று, நீங்கள் திறக்கும் பக்கத்துக்குள்ளேயே இறங்கி வேலை செய்யும் கன்டென்ட் ஸ்கிரிப்ட். பக்கத்தின் நிறத்தை மாற்றுவது, எழுத்துப்பிழையைக் கோடிட்டுக் காட்டுவது, விலையை ஒப்பிடுவது எல்லாம் இதன் வேலை. இது ஓடுவது அந்த டேப்பின் பிராசஸுக்குள். அதனால் இது தின்னும் பிராசஸர் முழுவதும் டேப்பின் கணக்கில் எழுதப்படும். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்டென்ஷன் வரி 0 என்று காட்டும், டேப் 100 என்று காட்டும். டாஸ்க் மேனேஜர் பொய் சொல்லவில்லை. அதனால் பிரித்துக் காட்ட முடிந்தது பிராசஸ் வரைதான், பிராசஸுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது அதன் எல்லைக்கு வெளியே.

நண்பர் ஒருவரின் டிடிபி கடையில் இதை நேரில் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் மேட்டரை அரட்டைச் செயலியில் அனுப்புவார்கள். அதைக் கணினியில் பிரவுசர் வழியாகத் திறந்து வைத்திருப்பார்கள். காலையில் நன்றாக இருக்கும் லேப்டாப், பத்து மணிக்கு மேல் அடுப்பாகிவிடும். கடையில் வேலை பார்க்கும் தம்பி சொன்னது இது: “அண்ணே, அந்த டேப்பை மூடினா சரியாயிடுது, திறந்தா மறுபடி வந்துடுது.” அதனால் அரட்டைப் பக்கம்தான் காரணம் என்று கடையில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

டாஸ்க் மேனேஜரும் முதல் பார்வைக்கு அதையே சொன்னது. அரட்டை டேப் 98-க்கும் 104-க்கும் இடையில் நின்றது. யாரும் எதையும் தொடாதபோதும் இறங்கவில்லை. 4 லாஜிக்கல் பிராசஸர் உள்ள லேப்டாப் என்பதால் விண்டோஸில் 25 சொச்சம். எக்ஸ்டென்ஷன் வரிகள் இரண்டு இருந்தன, இரண்டுமே 0.

நான் செய்த முதல் சோதனை இன்காக்னிட்டோ. `Ctrl + Shift + N` அழுத்தி வரும் சன்னலில், `Allow in Incognito` என்று தனியாக அனுமதி கொடுத்தவற்றைத் தவிர எந்த எக்ஸ்டென்ஷனும் ஓடாது. அங்கே வெறுமனே உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு ‘குறைந்துவிட்டது’ என்று சொல்லக் கூடாது, அதில் வேலையே இல்லையே. முழுசாக உள்நுழைந்து, அதே உரையாடலைத் திறந்து வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்தேன். எண் 2-க்கும் 5-க்கும் இடையில். அதே கணினி, அதே பக்கம், அதே மேட்டர். ஆக, தளம் குற்றவாளி இல்லை. இந்த இடத்திலேயே எண் குறையாமல் இருந்திருந்தால், எக்ஸ்டென்ஷனைத் தேடும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கடைக் கணினியில் மொத்தம் 9 எக்ஸ்டென்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதைவிடப் பாதி பாதியாக அணைப்பது வேகம். `chrome://extensions` பக்கத்தில் 5-ஐ அணைத்தேன், 4 மட்டும் ஓடுகிறது. அரட்டை டேப்பை மறுபடி ஏற்றிப் பார்த்தால் இன்னும் 100. அப்படியானால் ஆள் இந்த 4-க்குள். அதில் 2-ஐ அணைத்து, மறுபடி ஏற்றியதும் 3-க்கு இறங்கியது. இப்போது அணைத்த இரண்டில் ஒன்று. ஒன்றை மட்டும் இயக்கி ஏற்றினேன், மறுபடி 100. மூன்று சுற்று, பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதில் ‘மறுபடி ஏற்றினேன்’ என்று ஒவ்வொரு தடவையும் எழுதியது வீணாக இல்லை. எக்ஸ்டென்ஷனை அணைத்தாலும், ஏற்கெனவே பக்கத்துக்குள் இறங்கிவிட்ட கன்டென்ட் ஸ்கிரிப்ட் அங்கேயே இருக்கும். பக்கத்தை `F5` அழுத்தி ஏற்றினால்தான் அது போகும். தம்பி எனக்கு முன்பே எல்லா எக்ஸ்டென்ஷனையும் அணைத்துப் பார்த்திருக்கிறான். டேப்பை ஏற்றாததால் எண் குறையவில்லை. அதனால்தான் எக்ஸ்டென்ஷன்மேல் தப்பில்லை என்று விட்டிருக்கிறான்.

பிடிபட்டது, பழைய எழுத்துருவில் இருக்கும் தமிழை யூனிகோடாக மாற்றிக் காட்டும் ஓர் எக்ஸ்டென்ஷன். டிடிபி கடைக்கு அவசியமானதுதான். ஆனால் அது எல்லாப் பக்கத்திலும் இறங்கி, பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி தேடியது. தான் மாற்றி எழுதியதையே புதிய மாற்றமாக எண்ணி மீண்டும் தேடத் தொடங்கியது. பழைய செய்தித் தளத்தில் பக்கம் ஒரு தடவை வந்து நின்றுவிடும், அதனால் அங்கே தெரியவில்லை. அரட்டைப் பக்கமோ நொடிக்கு நொடி மாறுவது. பத்து மணிக்கு மேல் செய்திகள் குவியத் தொடங்கியதும் லேப்டாப் கொதித்ததற்கு இதுதான் காரணம்.

இதை ஊகமாக விடாமல் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளலாம். அந்த டேப்பில் `F12` அழுத்தி, `Performance` பகுதியில் ஐந்து நொடி பதிவு செய்து நிறுத்துங்கள். நீளமாகத் தெரியும் மஞ்சள் பட்டைகளில் ஒன்றைத் தொட்டால் அந்தக் கோட் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கீழே காட்டும். அது `chrome-extension://` என்று தொடங்கினால் அதற்குமேல் சாட்சி வேண்டாம். பார்த்து முடித்ததும் அந்தப் பகுதியை மூடிவிடுங்கள், அதுவும் பிராசஸரை எடுக்கும்.

## 8. பிடிபட்டதை என்ன செய்வது

தேவையில்லாத எக்ஸ்டென்ஷன் என்றால் `Remove`. யோசிக்கவே வேண்டாம்.

தேவையானது என்றால் அதன் எல்லையைச் சுருக்குங்கள். `chrome://extensions` பக்கத்தில் அந்த எக்ஸ்டென்ஷனின் `Details` உள்ளே போனால், எந்தத் தளங்களில் அது படிக்கலாம், மாற்றலாம் என்று கேட்கும் இடம் இருக்கும். அங்கே `On all sites` என்பதை `On click` என்றோ `On specific sites` என்றோ மாற்றலாம். கடையில் `On click` வைத்துவிட்டோம். பழைய எழுத்துருப் பக்கம் வரும்போது மட்டும் அந்த ஐகானைத் தட்டினால் போதும். மாற்றிய பிறகு திறந்திருக்கும் டேப்களை மறுபடி ஏற்ற மறக்காதீர்கள், முன்பு சொன்ன அதே காரணம்தான்.

காரணம் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பக்கமாகவே இருந்தால், அந்தப் பக்கத்தை வேலை முடிந்ததும் மூடுவதுதான் நேர் வழி. பின்னணியில் விட்டால் குரோம் பார்த்துக்கொள்ளும் என்று முழுசாக நம்ப முடியாது. மறைந்திருக்கும் டேப்பின் டைமரை 5 நிமிடத்துக்குப் பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை என்று மட்டுப்படுத்தும் வழக்கம் 2021-இல் குரோம் 88-இல் வந்தது. ஆனால் ஒலி ஓடிக்கொண்டிருக்கும் டேப்புக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. ஒலிச் சின்னம் உள்ள டேப்பைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஃபயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் ஒரே பிராசஸில் சேர்ந்து ஓடும். கன்டென்ட் ஸ்கிரிப்ட் டேப்பின் கணக்கில் விழும் கதை அங்கேயும் இதேதான். எனவே பாதி பாதியாக அணைத்துப் பார்க்கும் முறை அப்படியே பொருந்தும்.

## 9. மேலே நிற்பது `GPU Process` என்றால்

டேப்பும் எக்ஸ்டென்ஷனும் அமைதியாக இருந்து, `GPU Process` மட்டும் விடாமல் மேலே நின்றால், முகவரிப் பட்டையில் இதை அடித்துப் பாருங்கள்:

```
chrome://gpu
```

மேலே வரும் பட்டியலில் பல இடங்களில் `Software only` என்று இருந்தால், கிராஃபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வேலை பிராசஸர் தலையில் விழுகிறது. `Settings` உள்ளே `System` பகுதியில் `Use graphics acceleration when available` அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ திரை மின்னியதென்று அதை அணைத்துவிட்டு மறந்துபோவது வழக்கம். இயக்கியும் மாறவில்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்த வரியை `End process` செய்து பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு தடவை செய்தால் திரை மின்னிவிட்டுத் திரும்ப வரும். திரும்பத் திரும்பச் செய்தால் குரோம் கிராஃபிக்ஸ் சிப்பையே கைவிட்டு, எல்லாவற்றையும் பிராசஸரில் வரையத் தொடங்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் பிரவுசரை மூடித் திறந்தால் சரியாகும்.

## 10. சரிசெய்த பின் மறுபடி அளப்பது

முடிந்ததும் முகவரிப் பட்டையில் `chrome://restart` என்று அடியுங்கள். டேப்களோடு சேர்த்துப் பிரவுசர் மறுபடி தொடங்கும். இன்காக்னிட்டோ டேப்கள் மட்டும் திரும்பி வராது. எல்லாம் ஏறி முடியும்வரை இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, ஐந்தாம் படியில் சொன்ன `CPU Time` கணக்கை அதே டேப்புக்கு, அதே நேரத்தில், அதே வேலையோடு எடுங்கள். காலை ஒன்பது மணிக்கு அளந்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. தொல்லை வந்தது பத்து மணிக்கு மேல் என்றால் அளப்பதும் அப்போதுதான்.

கடையில் மறுநாள் பதினொரு மணிக்கு, மேட்டர் வந்து குவிந்துகொண்டிருக்கும்போது, தம்பியே அளந்து சொன்னான். முன்பு ஐந்து நிமிடத்தில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடமும் தின்ற அந்த டேப், இப்போது எடுத்தது 9 நொடி.